ஆத்தங்குடி டைல்ஸ் தகராறு: பதினைந்து மதிப்பெண் கேள்வியைப் படிப்படியாக எழுதும் முறை

காரைக்குடியில் மாலை நேரத்தில் என்னிடம் சிவில் என்ஜினியரிங் பிள்ளைகள் சிலர் ஒப்பந்தம் பற்றிய தேர்வுத் தாளுக்குப் படிக்க வருகிறார்கள். கட்டுமானத் தகராறு பற்றிக் கேள்வி கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர் முதலில் ஓர் ஏணியை வரைந்துவிடுவார்கள். அடியில் பேச்சுவார்த்தை, அதன் மேல் சமரசம், அதன் மேல் நடுவர், உச்சியில் நீதிமன்றம். பிறகு ஒவ்வொரு படிக்கும் நாலு நிறை, நாலு குறை. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கேள்வியில் தேதி தேதியாகக் கொடுத்திருப்பதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மதிப்பெண் அங்கேதான் கிடக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் 'மத்தியஸ்தம்' என்றால் இரண்டையும் குறிக்கும். பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து இரு தரப்பையும் இணங்க வைத்தாலும் மத்தியஸ்தம். அவரே 'இவ்வளவு கொடு' என்று தீர்த்துச் சொன்னாலும் மத்தியஸ்தம். தேர்வில் அப்படிக் கலந்து எழுதினால் போச்சு. இணங்க வைப்பவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. அதைச் 'சமரசம்' என்று எழுதுங்கள். நீதிமன்ற வளாகங்களில் 'சமரச மையம்' என்று பலகை இருப்பது இதற்குத்தான். தீர்த்துச் சொல்பவர் 'நடுவர்'. அவர் தரும் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டும்.

இனி கேள்வி. பிள்ளைகளுக்காக நானே அமைத்தது. தேர்வுக் கேள்வியின் அச்சில்தான் இருக்கும்.

கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக மாற்ற 1.80 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். வளவைச் சுற்றிய தாழ்வாரத்துக்குச் சாதாரண ஆத்தங்குடி டைல்ஸ் என்று பேச்சு. மார்ச் 10 அன்று உரிமையாளரின் பொறியாளர், பழைய தரையில் இருந்த பூ வேலைப்பாடே வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிட்டார். மார்ச் 18 அன்று ஒப்பந்ததாரர் கூடுதல் செலவும் கூடுதல் நாளும் கேட்டு அறிவிப்பு கொடுத்தார். வேலை முடிந்தபின், ஜூன் 2 அன்று உரிமையாளர் கூடுதல் தொகையான 9.40 லட்சத்தை மறுத்ததோடு, 30 நாள் தாமதம் என்று நாளொன்றுக்கு 15,000 வீதம் 4.50 லட்சத்தையும் பிடித்துக்கொண்டார். ஜூன் 6: பேச்சுவார்த்தைக்கு அழைப்பு. ஜூன் 20: சந்திப்பு, உரிமையாளர் 'உரிமைக்குப் பாதகமின்றி' 4 லட்சம் தர முன்வந்தார், ஒப்பந்ததாரர் ஏற்கவில்லை. ஜூன் 28: சமரசத்துக்கு அழைப்பு, பதில் இல்லை. ஜூலை 10: ஒப்பந்ததாரர் 13.90 லட்சம் கேட்டு உரிமையியல் வழக்குப் போட்டார். உரிமையாளர் எதிருரை தாக்கல் செய்யும் முன்பே, நடுவருக்கு அனுப்பக் கேட்டு மனு போட்டார்.

ஒப்பந்தத்தின் 24ஆம் பிரிவு சொல்வது இது. நிகழ்வு நடந்த 14 நாளுக்குள் அறிவிப்பு. அழைப்பிலிருந்து 21 நாள் பேச்சுவார்த்தை. அதில் முடியாவிட்டால், அழைப்பிலிருந்து 45 நாள் சமரசம். அதிலும் முடியாவிட்டால் ஒரு நபர் நடுவர், உரிமையாளரின் பொறியாளரே அந்த நடுவர், நடுவர் நடவடிக்கையின் இருக்கை மதுரை. வழக்கு நிற்குமா, ஒப்பந்ததாரர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி.

முதல் வேலை: கடைசிப் பக்கத்தில் நாள்கணக்கு

விடையைத் தொடாதீர்கள். கரட்டுப் பக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் மூன்றே மூன்று விஷயம் குறியுங்கள்: எந்தத் தாள் அந்தப் படியைத் திறக்கிறது, எத்தனை நாள், எது அதை மூடுகிறது.

மார்ச் 10 உத்தரவு, மார்ச் 18 அறிவிப்பு. எட்டு நாள். 14க்குள் இருக்கிறது, சரி. ஜூன் 6 அழைப்பிலிருந்து 21 நாள் என்றால் ஜூன் 27. ஜூன் 28 அன்று சமரசக் கடிதம் போயிருக்கிறது, அதுவும் சரி. அங்கிருந்து 45 நாள் எண்ணினால் ஆகஸ்ட் 12 வரும். (கடித நாளையும் சேர்த்து எண்ணினால் ஆகஸ்ட் 11. எப்படி எண்ணினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு.) வழக்கு ஜூலை 10. ஆகவே ஒப்பந்ததாரர் இரண்டு தவறு செய்திருக்கிறார்: சமரசப் படி மூடும் முன்பே நகர்ந்துவிட்டார், நடுவர் படியைத் தாண்டியே குதித்துவிட்டார். இரண்டும் ஒன்றல்ல, விளைவும் ஒன்றல்ல. விடை முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கப்போகிறது.

அறிவிப்பு: ஏணியின் கீழே இருக்கும் படி

ஏணி படத்தில் யாரும் வரையாத படி இது. ஆனால் இது இல்லாவிட்டால் மேலே ஏற ஒன்றும் இல்லை.

ஆத்தங்குடி டைல்ஸ் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தகராறு சட்டென்று புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் தகர அச்சை வைத்து, அதன் கட்டங்களுக்குள் நிறக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். ஒவ்வொரு கல்லும் கை வேலை. பழைய தரையில் இருந்த பூவே வேண்டும் என்றால் அதற்கென்று தனி அச்சு செய்ய வேண்டும், நிறம் ஒத்து வரும்வரை மாதிரி போட்டுப் பார்க்க வேண்டும். செலவும் கூடும், நாளும் கூடும். ஆக, ஒரே உத்தரவிலிருந்து 9.40 லட்சமும் பிறக்கிறது, அந்த 30 நாளும் பிறக்கிறது. மார்ச் 18 கடிதம் இரண்டையும் கேட்டது என்பதை விடையில் எழுதுங்கள். பணத்தை மட்டும் கேட்டு நாளைக் கேட்காமல் விட்டிருந்தால், 4.50 லட்சத்தை மீட்பது பெரும்பாடு.

சொந்தக் கதை ஒன்று. பல வருடம் முன்பு தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டு வேலை. முகப்புத் தூணுக்கு மேல்பூச்சை மாற்றச் சொன்னார்கள். நானும் போனில் "சரிங்கய்யா, கொஞ்சம் கூடும்" என்று சொன்னதோடு விட்டுவிட்டேன். பில் போட்டபோது "எழுத்தில் எங்கே?" என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது கொத்தனாரின் சாட்சியும் அளவுப் புத்தகத்தில் பென்சில் குறிப்பும்தான். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊரில், பூச்சு வேலைக்குத் தாள் இல்லாமல் போனது என் தப்புதான்.

பேச்சுவார்த்தை: அந்த 4 லட்சம்

ஜூன் 20 அன்று பட்டாலையில் உட்கார்ந்து பேசினார்கள் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் 4 லட்சம் தருகிறேன் என்றார். பாதிப் பிள்ளைகள் இங்கே பாய்ந்துவிடுவார்கள்: "4 லட்சம் தர ஒப்புக்கொண்டதால் கடன் இருப்பது நிரூபணம்."

இல்லை. 'உரிமைக்குப் பாதகமின்றி' என்ற இரண்டு சொல்லுக்குத்தான் கேள்வியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் சாட்சியமாகக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு சொன்ன ஒப்புதலைச் சிவில் வழக்கில் ஒப்புதலாகக் காட்ட முடியாது. சாட்சியச் சட்டத்தின் பழைய விதி அது. காரணமும் எளிது: பேசிய தொகையெல்லாம் கழுத்தில் கயிறாக வரும் என்றால் யாரும் பேச வர மாட்டார்கள். அதே சமயம், அந்தச் சொற்கள் இல்லாமல், "4 லட்சம் பாக்கி இருக்கிறது, மாதக் கடைசியில் தருகிறேன்" என்று உரிமையாளர் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதியிருந்தால் கதை வேறு. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, கெடு முடியும் முன் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாகக் காலம் ஓடும்.

காலம் என்றதும் இன்னொன்று. பேசிக்கொண்டிருக்கும்போது கெடு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். செய்த வேலைக்கான கூலியைக் கேட்கப் பொதுவாக மூன்று வருடம். கடிதம் மேல் கடிதம் எழுதுவதால் மட்டும் அது நீளாது. இந்தக் கேள்வியில் எல்லாம் சில மாதத்துக்குள் நடக்கிறது, ஆபத்தில்லை. ஆனால் தேதிகளுக்கு நடுவே வருடக் கணக்கில் இடைவெளி தெரிந்தால், கேட்பவர் மனதில் இருப்பது காலவரையறைதான்.

சமரசம்: பதில் வராத கடிதம்

இந்தப் படியில்தான் நல்ல விடையும் சுமாரான விடையும் பிரியும். சமரசத்துக்கு அழைத்தும் உரிமையாளர் வாயே திறக்கவில்லை. 45 நாளும் முடியவில்லை. அப்படியிருக்க, "முந்தைய படிகள் முடியவில்லை, எனவே நடுவரிடமும் போக முடியாது" என்று உரிமையாளர் சொல்லலாமா?

1999இல் எம்.கே. ஷா என்ஜினியர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. நடுவரிடம் போவதற்கு முன் ஒப்பந்தம் சொல்லும் படிகள் அவசியமானவைதான். ஆனால் அந்தப் படி நடக்காமல் போனதற்கு யாருடைய நடத்தை காரணமோ, அவரே அதைக் காட்டித் தடை போட முடியாது என்றது. நம் கேள்வியில் பொருத்திப் பாருங்கள். அழைத்தவர் ஒப்பந்ததாரர், மௌனமாக இருந்தவர் உரிமையாளர். ஆகவே உரிமையாளரின் வாதம் பலவீனமானது.

ஆனாலும் ஒப்பந்ததாரருக்கு என் அறிவுரை: 45 நாள் முடியட்டும், ஆகஸ்ட் 13 அன்று "ஜூன் 28 கடிதத்துக்குப் பதில் இல்லை, சமரசம் தோற்றதாகக் கொள்கிறோம்" என்று இரண்டு வரி எழுதி கிடைத்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பிவிடு. அந்த ஒரு தாள் படியை மூடிவிடும். சின்னத் தபால் செலவில் ஒரு வாதத்தையே காலி செய்யலாம் என்றால் ஏன் விட வேண்டும்?

ஒருவேளை சமரசம் நடந்து ஒத்துப்போயிருந்தால், இருவரும் கையெழுத்திட்ட தீர்வு ஒப்பந்தம் வரும். சமரசக்காரர் 'இவ்வளவுதான் நியாயம்' என்று சொன்னாலும் கையெழுத்தில்லாமல் அது யாரையும் கட்டாது. இந்த ஒரு வாக்கியத்தை எப்படியும் எழுதிவிடுங்கள்.

கேள்வித்தாளில், சர்வதேசக் கட்டுமான ஒப்பந்த மாதிரியான ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகம் என்று இருந்தால் படிகள் வேறு. அங்கே 28 நாள் அறிவிப்பு, தகராறுத் தீர்ப்புக் குழு 84 நாளில் முடிவு சொல்லும், பிடிக்காவிட்டால் 28 நாளுக்குள் அதிருப்தி அறிவிப்பு, பிறகு 56 நாள் சுமுகத் தீர்வுக்கு, அப்புறம்தான் நடுவர். நம் ஊர் வீட்டு வேலை ஒப்பந்தங்களில் அது வராது.

நடுவர்: யார், எப்போது தொடங்கியது

1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் இணக்கத் தீர்வுச் சட்டம்தான் இங்கே அடிப்படை. ஒப்பந்தத்தின் 24ஆம் பிரிவு எழுத்தில் இருக்கிறது, ஆகவே இந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி நடுவர் உடன்பாடு உண்டு. அடுத்தது ஆள்.

"உரிமையாளரின் பொறியாளரே நடுவர்." இது கண்ணி. மார்ச் 10 உத்தரவைப் போட்டவரே அவர்தான். தன் உத்தரவு சரியா என்று தானே பார்க்கப்போகிறார்! 2015 திருத்தத்தில் வந்த 12(5) பிரிவும் ஏழாம் அட்டவணையும், ஒரு தரப்பின் ஊழியரும் ஆலோசகரும் நடுவராக இருக்கத் தகுதியில்லை என்கின்றன. தகராறு வந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் வெளிப்படையாக விட்டுக்கொடுத்தால் மட்டுமே விலக்கு. முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது போதாது. சரி, பொறியாளர் தான் உட்காராமல் வேறொருவரை நியமிக்கலாமா என்றால் அதுவும் முடியாது. முடிவில் அக்கறை உள்ள ஒருவர் தனியாக நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் அடுத்த வரியில் தடுக்கி விழுவார்கள்: "எனவே நடுவர் பிரிவே செல்லாது, வழக்கு சரி." கிடையாது. ஆளைப் பற்றிய பகுதிதான் போகிறது. நடுவரிடம் போவோம் என்ற உடன்பாடு அப்படியே நிற்கிறது.

ஒப்பந்ததாரர் செய்ய வேண்டியது 21ஆம் பிரிவு அறிவிப்பு. தகராறு இது, தொகை 13.90 லட்சம், நடுவரிடம் விடக் கோருகிறேன், பொறியாளர் தகுதியற்றவர், இன்னாரை இருவரும் ஒத்துக்கொள்ளலாமா என்று எழுதி அனுப்ப வேண்டும். அது உரிமையாளர் கைக்குக் கிடைக்கும் நாளில் நடுவர் நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. காலவரையறைக்கும் அந்த நாள்தான். அனுப்பிய நாள் அல்ல, கிடைத்த நாள். இதில் அரை மதிப்பெண் வைத்திருப்பார்கள். 30 நாளில் ஒத்துவராவிட்டால் 11ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தில் மனு. சிவகங்கை மாவட்டமும் மதுரையும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவதால் மனு அங்கே போகும்.

நீதிமன்றம்: உச்சியில் இல்லை, பக்கத்தில்

ஏணி படத்தின் பெரிய கோளாறு இதுதான். நீதிமன்றத்தை உச்சியில் வரைந்தால், நடுவர் தீர்ப்புப் பிடிக்காதவர் மேலே ஏறி முழுவதையும் மறுபடி விசாரிக்கச் சொல்லலாம் என்று தோன்றும். நடுவர் பிரிவு உள்ள ஒப்பந்தத்தில் நீதிமன்றம் ஏணிக்குப் பக்கத்தில் நிற்கும் சுவர். சாயலாம், பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அது இன்னொரு படி அல்ல.

ஜூலை 10 வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 8ஆம் பிரிவுப்படி, நடுவர் உடன்பாடு இருக்கும் விஷயத்தில் வழக்கு வந்தால், எதிர்த்தரப்பு கேட்டால், உடன்பாடு முதல் பார்வையிலேயே செல்லாதது என்றால் தவிர நீதிமன்றம் நடுவருக்கு அனுப்பியே ஆக வேண்டும். நிபந்தனை ஒன்று: தகராறின் சாரம் பற்றிய தன் முதல் உரையைத் தாக்கல் செய்யும் நாளுக்குள் மனு வர வேண்டும். நம் உரிமையாளர் எதிருரைக்கு முன்பே கேட்டிருக்கிறார், ஆகவே வெல்வார். எதிருரையைப் போட்டு வழக்கில் இறங்கிவிட்டு ஆறு மாதம் கழித்து நினைவு வந்து கேட்டிருந்தால் தோற்றிருப்பார். கேள்வித்தாளில் இந்த ஒரு தேதியை மட்டும் மாற்றி அடுத்த வருடமும் கேட்கலாம்.

நடுவர் பிரிவே இல்லாத ஒப்பந்தம் என்று வைத்தாலும் ஜூலை 10 வழக்குக்கு இன்னொரு தடை உண்டு. கட்டுமான ஒப்பந்தத் தகராறு வணிகத் தகராறு. தொகையும் 3 லட்சத்துக்கு மேல். வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி, அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கு என்றால், முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசம் முயன்றாக வேண்டும். 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது கட்டாயம் என்றது. இல்லாமல் வந்த வழக்குரையை நிராகரிக்கலாம். இதை 'மாற்று வாதம்' என்று தலைப்பிட்டு நாலு வரியில் முடித்துவிடுங்கள், பெரிதாக்க வேண்டாம்.

சுவரில் எப்போது சாயலாம்? உரிமையாளர் ஒப்பந்ததாரரின் வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கப் பார்க்கிறார் என்றால், நடுவர் வரும்வரை காத்திருக்க முடியாது. 9ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். கிடைத்தால் 90 நாளுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்கிவிட வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு 34ஆம் பிரிவு: தீர்ப்பு கைக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் ரத்து கேட்கலாம், போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. 9.40 லட்சம் அதிகம், 7 லட்சம்தான் நியாயம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. சாட்சியத்தை மறுபடி எடைபோடுவது அந்த நீதிமன்றத்தின் வேலை அல்ல.

தாளில் எழுதும் வரிசை

ஏணியை விளக்கித் தொடங்காமல், முடிவைச் சொல்லித் தொடங்குங்கள். நான் எழுதினால் முதல் பத்தி இப்படி இருக்கும்:

"ஜூலை 10 வழக்கு தொடர முடியாது; 8ஆம் பிரிவுப்படி நடுவருக்கு அனுப்பப்படும். அறிவிப்பும் பேச்சுவார்த்தையும் முறைப்படி நடந்தன. சமரசக் காலம் ஆகஸ்ட் 12 வரை உள்ளது. அது நடக்காததற்கு உரிமையாளரின் மௌனமே காரணம் என்பதால் அவர் அதைத் தடையாகக் காட்ட முடியாது. பொறியாளர் நடுவராக இருக்கத் தகுதியில்லை. ஆயினும் நடுவர் உடன்பாடு நிலைக்கும்."

பிறகு அந்த வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரியுங்கள். தேதி, ஒப்பந்தப் பிரிவு, சட்டப் பிரிவு என்ற வரிசையில். 4 லட்சத்துக்கு ஒரு சின்னப் பத்தி. கடைசியில் ஒப்பந்ததாரருக்கான பட்டியல்: 8ஆம் பிரிவு மனுவை எதிர்த்துப் போராடாமல் அதற்கு ஒத்துக்கொள், ஆகஸ்ட் 13 அன்று சமரசம் தோற்றதாகக் கடிதம், அதே நாளில் 21ஆம் பிரிவு அறிவிப்பு, கிடைத்த நாளிலிருந்து 30 நாள் காத்திருப்பு, பிறகு மதுரைக் கிளையில் 11ஆம் பிரிவு மனு. போன வாரம் ஒரு பையன் கேட்டான், "அண்ணே, ஏணி படம் போடவா வேண்டாமா?" போடு தம்பி, நேரம் மிச்சமிருந்தால் போடு. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் தேதியை எழுது, நீதிமன்றத்தைப் பக்கச் சுவராக வரை.